வெள்ளாற்றுப் பாலத்தில் நிற்கும் வண்டி

நம் பஸ் டிப்போவில் ஓய்வு பெற்றவர்களுக்கான வாட்ஸப் குழுவில் காலையில் என்னென்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். ரோஜாப்பூ வரும், காலை வணக்கம் வரும், முட்டிவலிக்கு முடக்கத்தான் கீரை வரும். அன்று அவற்றுக்கு நடுவே ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டை, காதோரம் நரை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. சுற்றிலும் யாரோ பூமாலை ஒட்டியிருந்தார்கள். கீழே "கண்டக்டர் கலியமூர்த்தி காலமானார்" என்று இருந்தது. அதைப் படிக்காமலே அதற்குக் கீழே ஒருவர் "இனிய காலை வணக்கம்" போட்டிருந்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தப் படம் எனக்குத் தெரிந்த படம். என் மருமகள் பவானி எங்கள் வீட்டு மாடிப்படியில் அவரை நிற்க வைத்து எடுத்தது. இன்ஸ்டாவில் அவருடைய கணக்கின் முகப்பில் அதுதான் இருந்தது. மாலை போடுவதற்காக எடுத்த படம் இல்லை அது. ஒரு பெண்பிள்ளை பார்த்தால் இவர் இன்னார் என்று கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக எடுத்த படம்.

அவர் மகன் ரவியின் போன் அதற்குப் பிறகுதான் வந்தது. "மாமா, அப்பா சாப்ட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. ஜிஎச்சுக்குத் தூக்கிட்டுப் போனோம். வழியிலயே முடிஞ்சிபோச்சின்னுட்டாங்க." போனை வைத்ததும் சட்டையை மாட்டவில்லை, செருப்பைத் தேடவில்லை. இன்ஸ்டாவைத் திறந்து அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். கடைசியாகப் போட்ட வெள்ளாற்றுப் பாலம் அப்படியே இருந்தது. அவர் காத்திருந்த ஆள் வரவில்லை.

கலியமூர்த்தியோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் போனில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரியாது. போனில் அவரைப் பார்த்து "தாத்தா" என்று கூப்பிட்ட பிள்ளைகளுக்கு அவர் எப்படிப்பட்ட கண்டக்டர் என்று தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் ஸ்டியரிங் பிடித்த கைக்கு இந்த வேலை எதற்கு?

கடலூர் சிதம்பரம் தடத்தில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். டிப்போவில் பலர் நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கத்திப் பேசாத கண்டக்டரை அந்தத் தடத்தில் நான் வேறு பார்த்ததில்லை. "உள்ள போ, உள்ள போ" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "கொஞ்சம் உள்ள போனீங்கன்னா அவுங்களும் ஊருக்குப் போவாங்க" என்பார். பாதிப் பேர் அந்த வாக்கியம் முடிவதற்குள் நகர்ந்துவிடுவார்கள்.

மென்மையான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். டிக்கெட் விஷயத்தில் அவர் கல். ஒருமுறை அவருடைய சொந்த மச்சினன் வண்டியில் ஏறி, அக்காள் புருஷன்தானே என்று டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருந்தான். மாமா இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றார். அவன் ஜன்னல் வழியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். புதுச்சத்திரத்தில் ஒற்றை விசில் கொடுத்தார். நான் நிறுத்தினேன். "எறங்குப்பா" என்றார், அவ்வளவுதான். நல்ல வெயில். அவன் இறங்கி நின்று அவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே இரட்டை விசில் வந்தது. நான் வண்டியை எடுத்தேன். அன்று சாயங்காலம் அவர் வீட்டில் சோறு பொங்கவில்லை என்று கேள்வி. மறுநாள் நான் கிண்டல் செய்தபோது, "ஆளப் பாத்து எறக்கல மச்சான். டிக்கெட் இல்லாதவன எறக்குனேன்" என்றார்.

விசில் கணக்கு உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்று ஊதினால் நிறுத்த வேண்டும். இரண்டு ஊதினால் எடுக்கலாம். இரண்டாவது வரும்வரை டிரைவரின் கால் பிரேக்கில்தான் இருக்கும். பின்னால் படிக்கட்டில் யாருடைய கால் எங்கே இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது, கண்டக்டருக்குத்தான் தெரியும்.

அவருடைய மகள் கலைச்செல்வியை சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். எங்கள் வண்டி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நுழையும் நேரம் பார்த்து அவள் குழந்தை தாரணியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். வண்டி திரும்பும் வரைக்கும்தான் அந்தச் சந்திப்பு. குழந்தை அவருடைய தோல்பையைத் திறந்து மூடுவாள், விசிலை வாங்கி ஊதுவாள். அவள் விளையாட்டாக ஊதியதற்கு நான் உண்மையாகவே இஞ்சினைப் போட்ட நாளும் உண்டு.

பிறகு கலைச்செல்விக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கையை மீறிவிட்டது. கருமாதி அன்று, பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது, மாமா தன் மருமகனைப் பார்த்துச் சொன்னார்: "முன்னாடியே கொண்டாந்திருந்தா எம் பொண்ணு இருந்திருப்பா." கத்தவில்லை. அதே கண்டக்டர் குரல்தான். கத்தியிருந்தால்கூட துக்கத்தில் கத்துகிறார் என்று விட்டிருப்பார்கள். மருமகன் எழுந்து, "இனிமே எம் புள்ள மூஞ்சிய நீ பாக்க முடியாது" என்றான். சொன்னபடி செய்தான். வேறு கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் பக்கம் போய்விட்டான். மாமா விலாசம் தேடி ஒருமுறை போனார். கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது என்று திரும்பி வந்து சொன்னார்.

அப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ரிட்டையர் ஆனார், மனைவி போனார், முதுநகரில் ரவியோடு இருந்தார். ஒரு நாள் புது போனை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து பவானியிடம் நீட்டினார். "எம்மா, இந்தக் காலத்துப் புள்ளைங்க எல்லாம் எதுல இருக்குது? அதுல என்னையும் ஏத்திவுடு."

பவானிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர் எழுதும் இடத்தில் என்ன போடுவது என்று கேட்டதும், "கலியமூர்த்தி, கலைச்செல்வி அப்பா" என்றார். கலைச்செல்வி அப்பா என்பதை அறிமுக வரிகளில் போட்டுக்கொள்ளலாமே என்றேன் நான். பவானி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இல்ல மாமா, தேடுறவங்க அடிக்கிற பேரு இந்தப் பேரு எடத்துல இருந்தாத்தான் நல்லா வரும். அங்க கீழ எழுதுனா தேடுனா வராது." மாமா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இத யாரு வேணா பாக்கலாமா, இல்ல நாம கதவத் தொறந்தாத்தான் பாக்க முடியுமா?" என்றார். பூட்டி வைப்பது எப்படி, திறந்து வைப்பது எப்படி என்று அவள் காட்டினாள். "தொறந்தே கெடக்கட்டும்" என்றார்.

கலைச்செல்வியின் படத்தைப் போடலாமா என்று பவானி கேட்டாள். "வேணாம்மா. செத்துப்போன புள்ள போட்டோவுக்கு எவன் எவனோ லைக் போடுவான். அத என்னால பாக்க முடியாது" என்றார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. தாரணி என்ற பெயரில் கதவு பூட்டிய கணக்கு ஒன்று கண்ணில் பட்டது. அது நம் பிள்ளைதானா என்று தெரியவில்லை. அதற்கு ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்க்கலாமா என்றதற்கும் மறுத்தார். "அப்பன் அந்தப் போன வாங்கிப் பாப்பான். நம்ம பேரு அதுல இருந்தா அடி அவளுக்குத்தான் வுழும். நாம கூப்புட வேணாம். அவளே தேடுனா கெடைக்கிற எடத்துல இருப்போம்."

முதல் படம் கடலூர் பஸ் ஸ்டாண்ட். எழுத்துகளைத் தட்டுவது அவருக்கு வரவில்லை. திரையில் விரலால் எழுதினால் அச்சாக மாற்றிக்கொள்ளும் கீபோர்டு ஒன்றை பவானி போட்டுக் கொடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக எழுதி, அது சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, அடுத்த எழுத்துக்குப் போவார். கீழே எழுதியது இது:

"இது கடலூர் பஸ் ஸ்டாண்ட். காலை நேரம். கூட்டம் இன்னும் வரவில்லை. மூலையில் கறுப்பாக இருப்பது என் விரல்."

படத்தை வெட்டி விரலை எடுத்துவிடலாம் என்று பவானி காட்டினாள். "இருக்கட்டும், நாந்தான எடுத்தேன்" என்றார்.

அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது, அது இரண்டாவது படத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. கடலூரில் கிளம்பி, எங்கள் பழைய தடத்தில் ஒவ்வொரு நிறுத்தமாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசி நிறுத்தம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். அங்கேதான் அந்தக் குழந்தை அவருடைய விசிலை ஊதியது. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு படம் என்றும் கணக்கில்லை. மனம் இருந்தால் ஒரே இடத்தில் ஒரு வாரம் நிற்பார். ஓய்வு பெற்றவர் பாஸை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, படம் எடுத்து, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து எழுதுவார்.

"முதுநகர். மீன் வாசம் வரும். மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்."

"காரைக்காடு. கம்பெனிப் புகை. கண் எரிந்தால் மூடிக்கொள்ளலாம். ஊர் வந்ததும் நான் சொல்கிறேன்."

"ஆலப்பாக்கம். கேட் போட்டிருக்கிறார்கள். ரயில் முதலில் போகட்டும். நமக்கு அவசரம் ஒன்றும் இல்லை."

யாரிடம் பேசுகிறார் என்று எங்கும் எழுதியதில்லை. ஆனால் ஜன்னலோரத்தில் ஒரு குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சுதான் அது. படிக்கிற எல்லோருக்கும் தங்களிடம் சொல்வதாகவே பட்டிருக்கிறது. முன்பின் தெரியாத பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். "தாத்தா, அடுத்த ஸ்டாப் எப்போ?" என்று எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் "வரும்" என்று பதில் எழுதினார்.

ஒரு படத்துக்கு லைக் போட்டவர்களின் பெயரைப் பார்க்கலாம், வெறுமனே பார்த்துவிட்டுப் போனவர்களைத் தெரிந்துகொள்ள முடியாது என்று பவானி சொல்லியிருந்தாள். லைக் போட்டவர்களின் பெயர்களைத் தினமும் மேலிருந்து கீழாக விரலை வைத்துப் படிப்பார். தாரணி என்று எதுவும் இருக்காது. "பாத்துட்டு சும்மா போயிருக்கலாம்ல மச்சான்?" என்பார். "போயிருக்கலாம் மாமா" என்பேன். வேறு என்ன சொல்வது?

ஆள் சேரச் சேரக் குப்பையும் சேர்ந்தது. முகமில்லாத, பெயரில்லாத கணக்குகள் சில வந்து, சாகிற வயதில் கிழவனுக்கு இது எதற்கு என்று எழுதின. அதற்கெல்லாம் மாமா அசரவில்லை. ஆனால் அவற்றில் ஒருவன், பெயரிலிருந்த "கலைச்செல்வி அப்பா"வைப் பிடித்துக்கொண்டு, கலைச்செல்வியின் போன் நம்பரைக் கேட்டு அசிங்கமாக ஒன்று எழுதிவிட்டான். மாமா போனை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த ஆளை பிளாக் செய்வது எப்படி என்று பவானி காட்டினாள். அவனுடைய பக்கத்துக்குப் போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, பிளாக் என்பதைத் தொட வேண்டும். அந்தக் கணக்கை மட்டுமா, அந்த ஆள் வைத்திருக்கும், இனிமேல் தொடங்கும் மற்றக் கணக்குகளையும் சேர்த்தா என்று அது கேட்டது. "சேத்துதான்" என்றார் மாமா.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். வீட்டுக்குப் போய், தன்னைப் பின்தொடர்கிறவர்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டியில் முன்னாலிருந்து பின்னால் வரை டிக்கெட் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறார். முகம் உண்டா, பெயர் உண்டா, ஒரு படமாவது போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, எதுவும் இல்லாதவர்களை ஒருவர் பாக்கியில்லாமல் பிளாக் செய்துவிட்டார். மறுநாள் வந்து, "டிக்கெட் இல்லாதவங்க எல்லாம் எறங்கியாச்சி மச்சான்" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. அன்றைய படம் புதுச்சத்திரம். "புதுச்சத்திரம். இங்கே காற்று நல்ல காற்று. இப்போது வண்டியில் நல்ல மனுஷர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

அடுத்து பி.முட்லூருக்குப் போனார். "இங்கே ஏறுகிறவர்கள் ஜாஸ்தி. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும்" என்று எழுதினார். சிதம்பரம் கிட்டே வந்துகொண்டிருந்தது. மாமாவிடம் ஒரு படபடப்பு தெரிந்தது. கடைசி நிறுத்தத்தில் அவள் நிற்பாள் என்று ஏதோ ஒரு கணக்கு வைத்திருந்தார் போலும். அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மத்தியானம் பவானி அவருடைய போனை வாங்கி எதையோ சரிசெய்துகொண்டிருந்தாள். நமக்குப் பழக்கமில்லாதவர்கள் எழுதும் செய்திகள் நேராக உள்ளே வராது, கோரிக்கைகள் என்று தனியாக ஓர் இடத்தில் போய்க் கிடக்கும் என்பது மாமாவுக்குத் தெரியாது. அவள் அதைத் திறந்தாள். விளம்பரங்களுக்கு நடுவே ஒரு செய்தி, பல வாரங்களாகக் கிடந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததால் பவானி வாய்விட்டுப் படித்தாள். "தாத்தா, நான் தாரணியோட ஃப்ரெண்ட். அவ உங்க பேத்தி. வேற ஒரு ஐடி வச்சி உங்க போட்டோ எல்லாத்தையும் பாத்துட்டிருந்தா. கமெண்ட் போட்டா அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்னு லைக் மட்டும் போடுவா. நீங்க அவளை பிளாக் பண்ணிட்டீங்க. உங்களுக்கு அவளப் புடிக்கலன்னு அழுதுட்டே இருக்கா தாத்தா."

மாமா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், போட்டுக்கொள்ளாமல் திரும்ப வைத்தார். "அதுல எதும்மா அவ?" என்று கேட்டார்.

பவானி அமைப்புகளுக்குள் போய் பிளாக் செய்யப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்தாள். எல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள், சாம்பல் நிறப் பொம்மைத் தலைகள். பழைய படங்களுக்கு அவள் போட்ட லைக்குகளைத் தேடிப் பார்க்கலாமா என்றால், பிளாக் செய்த உடனே அவையும் அழிந்துவிடும். அந்தத் தோழிக்குப் பதில் எழுதினோம். பதில் இல்லை. பிளஸ் டூ பரீட்சை நேரம், போனைப் பிடுங்கி வைத்திருப்பார்கள் என்றாள் பவானி. நான் ஓசூருக்கு ஆள் விடலாம் என்றேன். "வேணாம் மாமா, திருட்டுத்தனமா ஐடி வச்சிருக்கான்னு அவங்க அப்பாவுக்கு நாமளே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். பரீட்சை எழுதுற புள்ள" என்றாள். அதுவும் சரிதான்.

"எல்லாத்தையும் ஏத்து" என்றார் மாமா.

"எல்லாத்தையுமா? அந்த அசிங்கம் புடிச்சவன் இருக்கான்."

"அவனும் ஏறட்டும். அவன எறக்கப் போயித்தான எம் பேத்திய எறக்கிட்டேன்."

முப்பது வருடம் டிக்கெட் இல்லாத ஒருவனை விட்டதில்லை அந்த மனுஷர். பவானியை விடவில்லை, தானே ஒவ்வொரு பெயராகத் தொட்டு பிளாக்கை எடுத்துவிட்டார். எடுத்து முடித்ததும், "இப்ப அவளுக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். பவானி என்னைப் பார்த்தாள். தெரியாது என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பிளாக்கை எடுத்தால் அந்த ஆளுக்குத் தகவல் எதுவும் போகாது. பின்தொடர்வதும் விட்டுப்போயிருக்கும், படங்கள் தானாக அவள் கண்ணில் படாது. அவளாகவே இன்னொரு முறை தேடிப் பார்த்தால்தான் உண்டு. இறக்கிவிடப்பட்ட பிள்ளை எதற்கு இன்னொரு முறை தேடும்?

அதற்கடுத்த படம்தான் வெள்ளாற்றுப் பாலம். பாலத்தின் கைப்பிடிச் சுவர், கீழே மெலிந்த ஆறு. அதில் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்:

"தெரியாமல் ஒருவரை இறக்கிவிட்டேன். தவறு என்னுடையது. ஒற்றை விசில் கொடுத்து வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் ஏறாமல் இரண்டாவது விசில் இல்லை."

பிறகு அவர் பாலத்தைத் தாண்டவில்லை. பாலத்திலிருந்து சிதம்பரம் எட்டிப் பிடிக்கும் தூரம். தினமும் பஸ் ஏறி வந்து பாலத்தில் இறங்கி, அதே ஆற்றைப் படம் எடுத்து, திரும்பிப் போனார். "இன்று தண்ணீர் குறைவு. வண்டி நிற்கிறது." "இன்று கொக்கு வந்திருக்கிறது. வண்டி நிற்கிறது." பின்தொடர்ந்த பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. "தாத்தா, சிதம்பரம் எப்போ?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பலர் போய்விட்டார்கள். வெயில் ஏறிய நாள்களிலும் போனார். ரவி சத்தம் போட்டான், நான் போய்ச் சொன்னேன். "வண்டிய நடுரோட்டுல வுட்டுட்டு கண்டக்டர் வூட்டுக்குப் போவலாமா மச்சான்?" என்று கேட்டார். ஒரு நாள் நானும் அவரோடு போய்ப் பாலத்தில் நின்றேன். கை விரல் வீங்கியிருந்தது, எழுத நேரம் பிடித்தது. எழுதி முடித்துப் போனைப் பையில் வைத்தபின், "என்னோட டிக்கெட் எங்கன்னு அந்தப் புள்ள எங்கிட்ட கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்?" என்றார். அவர் என்னிடம் கேட்கவில்லை என்பது தெரிந்தது. அந்தப் படத்துக்குச் சில நாள் கழித்துத்தான் குழுவில் அந்தச் செய்தி வந்தது.

மாமாவின் கருமாதி அன்று நான் சொல்ல வந்தது நடந்தது. விசாரிக்கிறவர்களுக்காக ரவி அவருடைய போனை அணைக்காமல் படத்துக்குப் பக்கத்தில், விளக்குக்குக் கிட்டே வைத்திருந்தான். இலை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது சத்தம் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி, பிறகு மறுபடி. பெரியவர் ஒருவர், "அத அமத்துங்கப்பா" என்று முகத்தைச் சுளித்தார். பவானி போய் எடுத்தாள். எடுத்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுத்தும் எண்ணுமான ஒரு பெயர், பொம்மைத் தலை. புதுச்சத்திரத்துக்கு லைக். பி.முட்லூருக்கு லைக். பாலத்துக்கு. தண்ணீர் குறைந்த பாலத்துக்கு. கொக்கு வந்த பாலத்துக்கு. எங்கே இறக்கிவிடப்பட்டாளோ அங்கிருந்து ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தாள். பரீட்சை முடிந்து போனைத் திரும்ப வாங்கிய தோழி எங்கள் பதிலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். கடைசியில், விசில் கொடுத்து நிறுத்தியதாக எழுதிய படத்துக்குக் கீழே இப்படி வந்தது:

"தாத்தா, ஏறிட்டேன். விசில் ஊதுங்க."

ரவி அதைப் படித்துவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "பவானி, அப்பா எழுதுற மாதிரி ரெண்டு வார்த்த எழுதிடும்மா. அந்தப் புள்ளைக்கு இன்னிக்கு ஒரு நாளாவது..." என்றான். நான் விடவில்லை. அவர் பையிலிருந்து இன்னொருவர் டிக்கெட் கிழிக்கக் கூடாது. பவானி தன் பெயரைச் சொல்லி, நம்பரைக் கொடுத்து, முடிந்தால் பேசு என்று மட்டும் எழுதினாள்.

தாரணி தோழியின் போனிலிருந்து பேசினாள். ரவியால் முடியவில்லை, போன் என் கைக்கு வந்தது. நான் டிரைவர், தாத்தாவின் வண்டியை ஓட்டியவன் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதைச் சொல்ல நல்ல வழி எதுவும் இல்லை. அந்தப் பக்கம் பெருக்குகிற சத்தமோ என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, "நான் ஏறுனது அவருக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியாதும்மா."

"நான்தான்னு தெரிஞ்சிதான் எறக்கிவுட்டாரா?"

"இல்ல. தெரிஞ்சிருந்தா வண்டியையே உனக்கு எழுதி வச்சிருப்பாரு. தெரிஞ்சதுலேருந்து பாலத்துலதான் நின்னாரு. சாவுற வரைக்கும் நின்னாரு."

அழாமல், தாத்தாவைப் போலவே தணிந்த குரலில் சொன்னாள்: "அம்மா பேர அடிச்சிப் பாத்தேன் அங்கிள், முதல்ல. சும்மா, யாராவது வருவாங்களான்னு. தாத்தா வந்தாரு. அப்புறம் ஒரு நாள் அம்மா பேர அடிச்சா யாருமே வரல."

இன்னும் அவள் வரவில்லை. வரவிடுவார்களா என்றும் தெரியவில்லை. ரவி அந்தக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றிவிடலாமா என்று கேட்டான். அப்படி மாற்றினால் இருப்பது அப்படியே இருக்கும், ஆனால் யாரும் உள்ளே போக முடியாது, புதிதாக ஒன்றும் போட முடியாது. போனை வைப்பதற்கு முன் தாரணி ஒன்று கேட்டிருந்தாள், தான் வரும்வரை சிதம்பரம் படத்தை யாரும் போட்டுவிடக் கூடாது என்று. அதனால் எதையும் மாற்ற வேண்டாம், பெயரில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா பேரை அடித்தால் யாராவது வர வேண்டும்.

மாமாவின் பழைய விசிலை நான் வைத்துக்கொள்ளலாம் என்று ரவி கொடுத்தான். வாங்கவில்லை. அது அந்தப் பெண்ணுக்குப் போக வேண்டியது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவர் கொடுத்த பழக்கம். கண்டக்டர் இரண்டாவது விசில் கொடுக்காமல் நான் வண்டியை எடுத்ததில்லை. இனி அதை ஊத ஆளில்லை என்பது எனக்குத் தெரியும். என் கால் பிரேக்கில்தான் இருக்கிறது.